ஐந்து வீட்டுக் கயிறும் ஒரு கிணறும்

ஒரு கிணறு. ஐந்து வீட்டார் அதில் தண்ணீர் இறைக்கிறார்கள். ஒரு வீட்டில் இருக்கும் கயிறெல்லாம் ஒரே நீளம். வீட்டுக்கு வீடு நீளம் வேறு. முதல் வீட்டுக் கயிறு இரண்டை முடிந்து விட்டாலும் தண்ணீர் எட்டவில்லை. இரண்டாம் வீட்டுக் கயிறு ஒன்றைக் கூடக் கட்டினால் சரியாக எட்டுகிறது. இரண்டாம் வீட்டுக் கயிறு மூன்றோடு மூன்றாம் வீட்டுக் கயிறு ஒன்றைக் கட்டினாலும் எட்டுகிறது. மூன்றாம் வீட்டுக் கயிறு நான்கோடு நான்காம் வீட்டுக் கயிறு ஒன்று, நான்காம் வீட்டுக் கயிறு ஐந்தோடு ஐந்தாம் வீட்டுக் கயிறு ஒன்று, ஐந்தாம் வீட்டுக் கயிறு ஆறோடு முதல் வீட்டுக் கயிறு ஒன்று என்று எல்லாமே கிணற்றின் ஆழத்துக்குச் சரியாக இருக்கிறது. கிணறு எவ்வளவு ஆழம்? ஒவ்வொரு கயிறும் எவ்வளவு நீளம்?

‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய சீனக் கணித நூலில், எட்டாம் அத்தியாயத்தின் 13-ஆவது கணக்கு இது. கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் இன்றைய வடிவத்துக்கு வந்ததாகக் கருதப்படும் நூல். விடையையும் அதுவே தருகிறது: கிணற்றின் ஆழம் 7 ஜாங், 2 ச்சி, 1 சுன். பத்து சுன் ஒரு ச்சி, பத்து ச்சி ஒரு ஜாங். ஆக 721 சுன். அந்தக் காலத்து ச்சி ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் என்பதால், நம் கணக்கில் ஐம்பது அடியைத் தாண்டிய கிணறு.

விடையைப் படித்ததும் ஒரு சந்தேகம் எழ வேண்டும். கணக்கில் எங்கேயும் ஓர் அளவுகோல் வரவில்லை. ‘இரண்டு கயிறு’, ‘ஒரு கயிறு’ என்று எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூடத் தெரியாத இடத்திலிருந்து 721 சுன் எப்படி வந்தது?

வர முடியாது என்பதுதான் பதில். 721 என்பது இந்தக் கணக்கின் எண்ணிலடங்காத விடைகளில் ஒன்று. இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. சமன்பாடுகளைப் படிப்படியாகச் சுருக்கி ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்தால், கடைசி வரியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்தில் இது வருகிறது. படித்தவர்கள் பலருக்கு ‘அணித்தரம்’ என்ற சொல் மட்டும் நினைவிருக்கும். அது எதற்கு என்பது மறந்திருக்கும். கிணற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அதே அத்தியாயத்தின் முதல் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது களத்துமேட்டுக் கணக்கு.

உயர்ரகக் கதிர்க்கட்டு 3, நடுரகம் 2, மட்டரகம் 1 அடித்தால் 39 டோ தானியம் கிடைக்கிறது. டோ என்பது நம் மரக்கால் போல ஒரு முகத்தல் அளவு. உயர்ரகம் 2, நடுரகம் 3, மட்டரகம் 1 என்றால் 34 டோ. உயர்ரகம் 1, நடுரகம் 2, மட்டரகம் 3 என்றால் 26 டோ. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டு எவ்வளவு காணும்?

சீனக் கணக்கர்கள் இதைப் பலகையில் குச்சிகளை அடுக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் மேலிருந்து கீழாக ஒரு நிரல், வலமிருந்து இடமாக. பூச்சியம் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார்கள். நாம் அதையே திருப்பி, ஒரு சமன்பாட்டுக்கு ஒரு வரியாக எழுதுகிறோம். பாடப்புத்தகம் இந்த வரியை ‘நிரை’ என்கிறது. உயர்ரகம் x, நடுரகம் y, மட்டரகம் z. எழுத்துகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதி, வலது பக்க எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் இப்படி நிற்கும்:

```
3  2  1 | 39
2  3  1 | 34
1  2  3 | 26
```

இப்போது முதல் வரியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் இரண்டு வரிகளிலும் x-ஐ ஒழிக்க வேண்டும். இரண்டாம் வரியை 3-ஆல் பெருக்கி, அதிலிருந்து முதல் வரியை இரண்டு முறை கழித்தால் 0, 5, 1, வலப்பக்கம் 24 என்று வருகிறது. மூன்றாம் வரியை 3-ஆல் பெருக்கி முதல் வரியை ஒரு முறை கழித்தால் 0, 4, 8, வலப்பக்கம் 39. அடுத்து y-ஐ ஒழிக்க, இந்த மூன்றாம் வரியை 5-ஆல் பெருக்கி, இரண்டாம் வரியை நான்கு முறை கழிக்கிறோம்.

```
3  2   1 | 39
0  5   1 | 24
0  0  36 | 99
```

இதுதான் ஏறுபடி வடிவம். ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து பார்த்தால் முதலில் வரும் பூச்சியமல்லாத எண் இருக்கிறதே, அதைத் தலையெண் என்று வைத்துக்கொள்வோம். இங்கே 3, 5, 36. கீழே போகப் போகத் தலையெண் வலது பக்கம் நகர்கிறது. அதன் இடப்புறத்தில் பூச்சியங்கள் படிக்கட்டுபோல் குவிகின்றன.

கடைசி வரி சொல்வது 36z = 99. ஆகவே z = 2¾. அதை இரண்டாம் வரியில் போட்டால் y = 4¼. இரண்டையும் முதல் வரியில் போட்டால் x = 9¼. நூல் தரும் விடையும் இதுதான். மூன்று தலையெண், மூன்று தெரியாத எண். ஒவ்வொன்றையும் அதனதன் தலையெண் பிடித்து நிறுத்திவிட்டது. அசைய இடமில்லை. எனவே ஒரே தீர்வு.

நாம் மாற்றி எழுதிய வரிகளைப் பார்த்து, மாற்றாத பழைய கணக்குக்குத் தீர்ப்புச் சொல்வது எப்படிச் செல்லும் என்று கேட்கலாம். செய்த காரியம் ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்துவிட முடியும் என்பதால்தான் செல்கிறது. கழித்ததைத் திரும்பக் கூட்டினால் பழைய வரி வந்துவிடும். 3-ஆல் பெருக்கியதை 3-ஆல் வகுத்தால் வந்துவிடும். பழைய வரிகளுக்குப் பொருந்தும் விடை புதிய வரிகளுக்கும் பொருந்தும். புதியதற்குப் பொருந்துவது பழையதற்கும் பொருந்தும். பூச்சியத்தால் பெருக்குவது மட்டும் கூடாது. அதைத் திருப்ப வழியில்லை. இந்த ஒரு விலக்கைப் பிற்பாடு இன்னொரு வேடத்தில் பார்ப்போம்.

இப்போது களத்துக்கு வேறொரு விவசாயி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு கணக்கும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதாக இவர், ‘உயர்ரகம் 5, நடுரகம் 5, மட்டரகம் 2 அடித்தேன், 70 டோ கண்டது’ என்கிறார். மூன்றாம் வரி 5, 5, 2, வலப்பக்கம் 70. மூன்றால் பெருக்கி, முதல் வரியை ஐந்து முறை கழித்தால் 0, 5, 1, வலப்பக்கம் 15. மேலே இரண்டாம் வரி 0, 5, 1, வலப்பக்கம் 24 என்று நிற்கிறது. கழித்தால்:

```
3  2  1 | 39
0  5  1 | 24
0  0  0 | -9
```

கடைசி வரியை வாய்விட்டுப் படியுங்கள். ‘பூச்சியம் x, பூச்சியம் y, பூச்சியம் z, மொத்தம் கழித்தல் 9.’ எந்த ரகத்திலும் ஒரு கட்டுகூட அடிக்காமல் கழித்தல் 9 டோ கண்டதாக அது சொல்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் இது நடக்காது. தீர்வு இல்லை. புத்தகம் இதை ‘ஒருங்கமைவு அற்றது’ என்கிறது. நடுக்கோட்டுக்கு இடப்புறம் முழுக்கப் பூச்சியம், வலப்புறம் பூச்சியமல்லாத எண் என்று ஒரே ஒரு வரி வந்தாலும் போதும், மற்ற வரிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கணக்கு அங்கேயே முடிந்தது.

எங்கே இடித்தது என்பதும் இதிலேயே தெரிகிறது. இந்த விவசாயி அடித்த கட்டுகள் முதல் இருவர் அடித்த கட்டுகளின் கூட்டுத்தொகை: 3-ம் 2-ம் 5, 2-ம் 3-ம் 5, 1-ம் 1-ம் 2. அப்படியானால் தானியமும் 39-ம் 34-ம் சேர்ந்து 73 டோ கண்டிருக்க வேண்டும். அவர் 70 என்கிறார். மூன்று டோ குறைவு. நாம் வழியில் மூன்றால் பெருக்கியதால் கடைசி வரியில் அது கழித்தல் 9 ஆகத் தெரிகிறது. மூவரில் யார் கணக்கு தப்பு என்று ஏறுபடி வடிவம் சொல்லாது. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்லும்.

சரி, அவர் 73 என்றே சொல்லியிருந்தால்? அதே கழித்தல்களைச் செய்தால் கடைசி வரி முழுக்கப் பூச்சியம்:

```
3  2  1 | 39
0  5  1 | 24
0  0  0 |  0
```

‘0 = 0’ வந்ததும் மாணவர்கள் கையைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன். எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார்கள். தப்பு ஒன்றுமில்லை. மூன்றாமவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை, முதல் இருவர் சொன்னதையே கூட்டிச் சொன்னார் என்பதுதான் அதன் பொருள். மூன்று தெரியாத எண்களுக்கு இரண்டே தலையெண் இருக்கிறது. x-ஐயும் y-ஐயும் பிடித்து நிறுத்த ஆள் இருக்கிறது, z-க்கு இல்லை. அதற்குப் பிடித்த எண்ணைக் கொடுக்கலாம். z-ஐ t என்று விட்டுவிட்டுக் கீழிருந்து மேலே ஏறினால் y = (24 − t)/5, x = (49 − t)/5 என்று வருகிறது. t = 4 என்றால் 9, 4, 4. t = 9 என்றால் 8, 3, 9. முதல் கணக்கின் விடையான 9¼, 4¼, 2¾-உம் இந்த வரிசையில்தான் இருக்கிறது; t = 2¾ போட்டுப் பாருங்கள்.

t = −1 போட்டால் 10, 5, −1 என்று வரும். சமன்பாடுகளுக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. ஆனால் கட்டை அடித்தால் தானியம் குறையும் என்று எந்தக் களத்திலும் சொல்ல மாட்டார்கள். விளைச்சல் எதுவும் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்றால் t பூச்சியத்திலிருந்து 24 வரைதான். அப்போதும் இடையில் எண்ணற்ற விடைகள். எல்லாம் முழு டோவாக இருக்க வேண்டும் என்றால் 4, 9, 14, 19, 24 என்று t-க்கு ஐந்தே வாய்ப்பு. ‘முடிவிலி’ என்ற தீர்ப்பு பின்னம், குறை எண் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்ட தீர்ப்பு. வெளியிலிருந்து வரும் நிபந்தனைகளை அதற்குப் பிறகு நாம்தான் பார்க்க வேண்டும்; படிக்கட்டில் அவை தெரியாது.

ஒன்று, இல்லை, முடிவிலி என்று மூன்றுதானா? சரியாக இரண்டு தீர்வு இருக்கக்கூடாதா? கூடாது. காரணத்தை மேலே கிடைத்த இரண்டு விடைகளை வைத்தே காட்டலாம். 9, 4, 4 ஒன்று. 8, 3, 9 இன்னொன்று. இரண்டுக்கும் நட்டநடுவே 8½, 3½, 6½. முதல் வரியில் போட்டால் 25½ + 7 + 6½ = 39. பொருந்துகிறது. மற்ற வரிகளிலும் பொருந்தும். இரண்டு விடை இருந்தால் அவற்றின் நடுவிலும் ஒன்று இருக்கும், அந்த நடுவுக்கும் முனைக்கும் நடுவில் மற்றொன்று. இரண்டில் நிற்காது. இது நேரியச் சமன்பாடுகளுக்கு மட்டும் உள்ள குணம்; x² = 4 என்பதற்கு 2, −2 என்று இரண்டு விடை உண்டு, நடுவில் இருக்கும் பூச்சியம் விடையல்ல.

ஆக, ஏறுபடி வடிவத்தின் முன்னால் உட்கார்ந்தவர் இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். இடப்புறம் எல்லாம் பூச்சியமாகி வலப்புறம் பூச்சியமல்லாத வரி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தீர்வு இல்லை, எழுந்து போகலாம். இல்லையென்றால் மட்டுமே அடுத்த கேள்வி: தலையெண்கள் எத்தனை, தெரியாத எண்கள் எத்தனை? இரண்டும் சமம் என்றால் ஒரே தீர்வு. தலையெண் குறைவு என்றால் முடிவிலித் தீர்வுகள். எத்தனை குறைகிறதோ அத்தனை எண்களை நம் இஷ்டத்துக்கு விடலாம். பாடப்புத்தகத்தில் ரூஷே–கபெல்லி தேற்றம் என்று பெயரிட்டு, அணித்தரம், விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரம் என்று எழுதியிருப்பது இதைத்தான். தரம் என்பது தலையெண்களின் எண்ணிக்கை. கோட்டுக்கு வலப்புறத்தையும் சேர்த்து எண்ணும்போது தரம் ஒன்று கூடுகிறது என்றால், 0 0 0 | −9 போன்ற ஒரு வரி உள்ளே இருக்கிறது என்று பொருள்.

வரிசையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்த பிழை, பூச்சிய வரியைக் கண்டதும் ‘முடிவிலித் தீர்வுகள்’ என்று எழுதிவிடுவது. பூச்சிய வரி தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. களத்தில் முதலில் வந்த மூவரோடு நான்காவதாக 5, 5, 2, 73 என்பவரும் வந்தார் என்று வையுங்கள். நான்கு வரி. சுருக்கினால் நான்காவது முழுப் பூச்சியம் ஆகிவிடும். ஆனால் 3, 5, 36 என்ற மூன்று தலையெண்ணும் மேலே அப்படியே நிற்கின்றன. விடை ஒன்றேதான். எண்ண வேண்டியது தலையெண்களை. பூச்சிய வரிகளை அல்ல.

இதற்கு அண்ணன் தம்பியான பிழை ஒன்றும் உண்டு. சமன்பாடு குறைவாக இருந்து தெரியாத எண் அதிகமாக இருந்தால் முடிவிலித் தீர்வு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். x + y + z = 5 என்றும் 2x + 2y + 2z = 11 என்றும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு சமன்பாடு, மூன்று தெரியாத எண். முதல் வரியை இரண்டு முறை கழித்தால் 0 0 0 | 1. தீர்வே கிடையாது. குறைவான சமன்பாடுகளுக்கு ‘ஒரே தீர்வு’ வராது என்பது மட்டுமே உறுதி. தலையெண் வரிக்கு ஒன்றுக்கு மேல் இருக்க முடியாதே.

தேர்வில் இந்தப் பகுதிக்கு என்றே ஒரு கேள்வி உண்டு. ஒன்றிரண்டு எண்களுக்குப் பதில் எழுத்தைப் போட்டு, எந்த மதிப்புக்கு எந்தத் தீர்ப்பு என்று கேட்பார்கள். நம் களத்திலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம். கடைசி விவசாயி உயர்ரகம் 5, நடுரகம் 5, மட்டரகம் k கட்டுகள் அடித்து m டோ கண்டார். முன்பு செய்த அதே கழித்தல்கள்தான். மூன்றாம் வரி முடிவில் இப்படி ஆகும்:

```
0  0  3(k-2) | 3(m-73)
```

இந்த இடத்தில் கை பரபரக்கும். இருபுறமும் 3(k − 2)-ஆல் வகுத்து z = (m − 73)/(k − 2) என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் k = 2 என்றால் அது பூச்சியத்தால் வகுத்ததாகிவிடும்; முன்னே சொன்ன விலக்கு வேடம் மாறி வந்திருக்கிறது. வகுக்காமல் வரியை அப்படியே வைத்துக்கொண்டு பாருங்கள். k என்பது 2 அல்ல என்றால் அங்கே ஒரு தலையெண் நிற்கிறது. M எதுவாக இருந்தாலும் ஒரே தீர்வு. k = 2 என்றால் தலையெண் மறைந்துவிட்டது. அப்போதுதான் m பேசுகிறது: 73 என்றால் முடிவிலி, வேறு எதுவானாலும் தீர்வு இல்லை.

k = 4, m = 73 என்று வந்தால் சிலர் தடுமாறுவார்கள். வரி 0 0 6 | 0 என்று நிற்கும். வலப்புறம் பூச்சியம் இருப்பதால் இதையும் பூச்சிய வரியோடு சேர்த்துவிடுகிறார்கள். 6z = 0 என்பது z = 0 என்று அடித்துச் சொல்கிற வரி. மட்டரகக் கட்டில் தானியமே இல்லை, பதர்தான். அதுவும் ஒரு விடை, ஒரே விடை.

தாளில் போடும்போது பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். கணினியில் அப்படி இல்லை. பைத்தானைத் திறந்து இதைத் தட்டிப் பாருங்கள்:

```
>>> 0.1 + 0.2 - 0.3
5.551115123125783e-17
```

பூச்சியம் வர வேண்டிய இடத்தில், புள்ளிக்குப் பின் பதினாறு பூச்சியங்களைத் தாண்டி ஒரு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 0.1 போன்ற பின்னங்களை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாததால் விழும் சிதறல் இது. ஏறுபடி வடிவத்தின் கடைசி வரியில் இப்படி ஒரு சிதறல் நின்றால், இயந்திரம் அதையும் தலையெண்ணாக எண்ணிக்கொண்டு, முடிவிலித் தீர்வுள்ள கணக்குக்கு ‘ஒரே தீர்வு’ என்று துணிந்து ஒரு விடையைத் தரலாம். விடை லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் அபத்தமாகப் பெரிதாக இருந்தால் இப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். அதனால்தான் தரம் காணும் மென்பொருள்கள் ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே உள்ளதைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்கின்றன. கையால் போடும்போது, சீனர்கள் செய்ததுபோல் வகுக்காமல் பெருக்கிப் பெருக்கிக் கழித்தால் எல்லாம் முழு எண்ணாகவே இருக்கும். இந்தத் தொல்லை கிடையாது.

அளந்து எடுத்த எண்களில் இன்னொரு சிக்கல். மரக்காலில் தலைதட்டி அளந்தது 73-க்குப் பதில் 72.9 என்று வந்தால், ஏறுபடி வடிவம் இரக்கமில்லாமல் ‘தீர்வு இல்லை’ என்றுதான் சொல்லும். அளவையில் வந்த பிசிறா, உண்மையான முரணா என்று அதற்குத் தெரியாது. இந்த முறைக்கு யாருடைய பெயர் ஒட்டியதோ அந்த காஸே பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணக்கிடும்போது இந்த நிலையில்தான் இருந்தார். பாதையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். வானில் பார்த்துக் குறித்தவை தந்த சமன்பாடுகள் அதைவிட அதிகம், ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போகவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடையைத் தேடாமல், மொத்தப் பிழையைக் குறைக்கும் விடையைத் தேடினார். 1810-இல் சமர்ப்பித்த அந்தக் கட்டுரையில் நீக்கல் முறை இந்த வேலைக்குத்தான் பயன்பட்டது.

இனி கிணற்றடிக்குத் திரும்புவோம். ஐந்து வீட்டுக் கயிற்றின் நீளங்களை அ, ஆ, இ, ஈ, உ என்றும், ஆழத்தைக் கி என்றும் வைத்துக்கொள்வோம். முதல் சமன்பாடு 2அ + ஆ = கி. தெரியாதவை எல்லாம் இடப்புறம் வர வேண்டும் என்பதால் 2அ + ஆ − கி = 0. மற்ற நான்கும் இப்படியே. அ, ஆ, இ, ஈ, உ, கி என்ற வரிசையில் அடுக்கினால்:

```
2  1  0  0  0  -1 | 0
0  3  1  0  0  -1 | 0
0  0  4  1  0  -1 | 0
0  0  0  5  1  -1 | 0
1  0  0  0  6  -1 | 0
```

வலப்புறம் முழுக்கப் பூச்சியம். என்ன கூட்டினாலும் கழித்தாலும் அது பூச்சியமாகவே இருக்கும் என்பதால், 0 = −9 போன்ற முரண் இங்கே வரவே வராது. முதல் கேள்விக்குப் போடுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. தெரியாத எண் ஆறு, வரிகள் ஐந்து. தலையெண் ஐந்துக்கு மேல் போக முடியாது. எனவே முடிவிலித் தீர்வுகள் என்பதும் போடாமலே தெரிந்துவிட்டது. இஷ்டத்துக்கு விடக்கூடியது ஒன்றா, அதற்கும் மேலா என்பதுதான் பாக்கி.

படிக்கட்டு மேலே நான்கு வரியில் தயாராகவே இருக்கிறது. ஐந்தாம் வரியை மட்டும் இறக்க வேண்டும். அதை இரண்டால் பெருக்கி முதல் வரியைக் கழித்தால் அ போய்விடும். கிடைப்பது 0, −1, 0, 0, 12, −1. இதை மூன்றால் பெருக்கி இரண்டாம் வரியைக் கூட்டினால் 0, 0, 1, 0, 36, −4. நான்கால் பெருக்கி மூன்றாம் வரியைக் கழித்தால் 0, 0, 0, −1, 144, −15. ஐந்தால் பெருக்கி நான்காம் வரியைக் கூட்டினால்:

```
0  0  0  0  721  -76 | 0
```

எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்த 721, கடைசிப் படியில் தலையெண்ணாக உட்கார்ந்திருக்கிறது. 721 உ = 76 கி. ஐந்தாம் வீட்டுக் கயிறு ஆழத்தில் 721-இல் 76 பங்கு. அவ்வளவுதான் கணக்கு சொல்கிறது. ஐந்து தலையெண், ஆறு தெரியாத எண், பிடிப்பில்லாமல் தொங்குவது கி மட்டும். அதற்கு 721 என்று நூல் கொடுத்ததும் மற்றவை முழு எண்ணாக இறங்கிவிடுகின்றன: உ 76, ஈ 129, இ 148, ஆ 191, அ 265. இதைவிடச் சிறிய முழு எண்களில் விடை கிடையாது. 721-க்கும் 76-க்கும் பொதுக் காரணி இல்லை.

கி.பி. 263-இல் இந்த நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய் இதைக் கவனித்துவிட்டார். நூல் 721 சுன் என்று அடித்துச் சொன்னதை அவர் விகிதம் என்றே விளக்குகிறார். சந்தேகம் இருப்பவர்கள் கிணற்றின் ஆழத்தை 1442 சுன் என்று வைத்து, ஐந்து கயிற்றையும் இரட்டித்துப் பாருங்கள்: 530, 382, 296, 258, 152. முதல் வீட்டுக் கயிறு இரண்டும் இரண்டாம் வீட்டுக் கயிறு ஒன்றும் சேர்ந்தால் 1442. மற்ற நான்கு வரியையும் நீங்களே போட்டுவிடலாம்.